ஸ்டேட்மென்ட் முதலில் யார் கைக்குப் போகிறது?

மதுரையில் ஒரு மொத்த வியாபார அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். வயர், சுவிட்ச், மோட்டார் என்று வாங்கிச் சுற்றுப்பட்டு ஊர்க் கடைகளுக்குக் கொடுக்கிறார்கள். மொத்தம் ஐந்து பேர்: முதலாளி, கணக்காளர், பில் போடும் பெண், வசூலுக்குப் போகும் விற்பனையாளர், குடோனைப் பார்த்துக்கொள்பவர். வசூலாகி வரும் பணத்தை எண்ணி வாங்குவது கணக்காளர். டேலியில் ரசீது போடுவதும், வங்கியில் கொண்டுபோய்க் கட்டுவதும், மாதக் கடைசியில் வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்ப்பதும் அவரே. கேட்டால், "எல்லாம் அண்ணன் பாத்துக்குவார்" என்பார் முதலாளி.

அந்த ஏற்பாட்டில் என்ன நடக்க முடியும் என்று பார்ப்போம். 4-ஆம் தேதி விற்பனையாளர் திருமங்கலம் கடையிலிருந்து 40,000 ரூபாய் ரொக்கம் கொண்டுவருகிறார். கணக்காளர் வீட்டில் ஏதோ அவசரம். அடுத்த மாதம் வைத்துவிடலாம் என்று எடுத்துக்கொள்கிறார். டேலியில் எதுவும் ஏறவில்லை. 11-ஆம் தேதி மேலூர் கடை 45,000 கொடுக்கிறது. அதில் 40,000-ஐத் திருமங்கலம் பெயரில் வரவு வைத்து, மீதி 5,000-ஐ மட்டும் மேலூருக்குப் போடுகிறார். 18-ஆம் தேதி உசிலம்பட்டியிலிருந்து 60,000 வருகிறது. அதில் 40,000 மேலூர் கணக்குக்குப் போகிறது, உசிலம்பட்டிக்கு 20,000.

இப்போது கணக்கைத் திறந்து பாருங்கள். திருமங்கலம் சரி, மேலூர் சரி. உசிலம்பட்டி மட்டும் 40,000 பாக்கி காட்டுகிறது. அதுவும் ஒரு வாரப் பாக்கிதான், யாரும் கவலைப்படமாட்டார்கள். டேலியில் உள்ள ரொக்கமும் பெட்டியில் உள்ள ரொக்கமும் ஒத்துப்போகும். வங்கியில் கட்டிய தொகையும் ஒத்துப்போகும். ஓட்டை ஒவ்வொரு வாரமும் வேறொரு கடையின் பெயருக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். தணிக்கையாளர்கள் இதை லாப்பிங் என்பார்கள். மூன்று கடைகளும் தங்கள் பணத்தை முழுசாகக் கொடுத்தாயிற்று என்பதால் எந்தக் கடைக்காரரும் புகார் சொல்லமாட்டார். அதனால்தான் இது வருடக்கணக்கில் ஓடும். 40,000-ம் அப்படியே நிற்காது. ஒருமுறை எடுத்தவருக்கு மறுமுறை எடுப்பது எளிது.

இது தெரியவரும் இடங்கள் இரண்டு. ஒன்று, கடைக்காரர் பணம் கொடுத்த தேதிக்கும் நம் ஏட்டில் வரவு வைத்த தேதிக்கும் தொடர்ந்து ஒரு வாரம், பத்து நாள் இடைவெளி இருக்கும். கடைக்காரர் 45,000 என்று ஒரே தொகையாகக் கொடுத்தது, நம்மிடம் 5,000, 40,000 என்று உடைந்து உட்கார்ந்திருக்கும். இன்னொன்று, என்றைக்காவது ஓட்டையை மூடியாக வேண்டும் என்று வரும்போது கணக்காளர் தேடும் வழி: தள்ளுபடி, சரக்குத் திரும்ப வந்ததாக ஒரு கிரெடிட் நோட், வராக்கடன் என்று எழுதித் தள்ளுவது. முதலாளி கையெழுத்தில்லாத கிரெடிட் நோட் எந்த அலுவலகத்தில் ஏறுகிறதோ, அங்கே இந்தக் கதவு திறந்தே இருக்கிறது என்று அர்த்தம்.

பெரிய நிறுவனங்கள் இதைத் தடுக்க நான்கு வேலைகளை நான்கு கைகளில் பிரிக்கும்: ஒப்புதல் தருவது, பணத்தையோ சரக்கையோ கையில் வைத்திருப்பது, ஏட்டில் எழுதுவது, பிறகு ஒத்துப் பார்ப்பது. ஐந்து பேர் அலுவலகத்தில் அதற்கு ஆள் ஏது என்று எல்லோரும் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். நான்கையும் கச்சிதமாகப் பிரிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் இரண்டாவது கணக்காளரை வேலைக்கு வைக்காமலே முக்கியமான ஒன்றைச் செய்துவிடலாம். ஏட்டில் எழுதுபவர் பணத்தைத் தொடக்கூடாது. பணத்தைத் தொடுபவர் ஏட்டைத் தொடக்கூடாது.

மதுரை அலுவலகத்தில் அது இப்படி அமையும். விற்பனையாளர் கடையில் பணம் வாங்கும்போதே வரிசை எண் அச்சடித்த ரசீதுப் புத்தகத்தில் எழுதி ஒரு தாளைக் கடைக்காரரிடம் கொடுக்கிறார். சாயங்காலம் அலுவலகம் வந்ததும் பணத்தைப் பில் போடும் பெண்ணிடம் ஒப்படைக்கிறார். அவர் எண்ணி, எந்தக் கடை, எவ்வளவு, ரசீது எண் என்ன என்று ஒரு வசூல் தாள் எழுதுகிறார். இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். தாளைப் படமெடுத்து முதலாளியின் வாட்ஸ்ஆப்புக்கு அனுப்பிவிட்டு, அசலைக் கணக்காளரிடம் கொடுக்கிறார். மறுநாள் காலை குடோன்காரர் பணத்தை அப்படியே வங்கியில் கட்டுகிறார். அதிலிருந்து டீசலுக்கும் டீக்கும் எடுக்கக்கூடாது. சில்லறைச் செலவுக்குத் தனியாக ஒரு தொகை இருக்கட்டும். கணக்காளர் தாளைப் பார்த்து டேலியில் ஏற்றுகிறார். அவர் கைக்கு நோட்டு வரவே இல்லை. 4-ஆம் தேதித் தாளில் திருமங்கலம் 40,000 என்று இருந்தால், 5-ஆம் தேதி வங்கியில் 40,000 விழுந்திருக்க வேண்டும். முதலாளிக்கு ஒரு நிமிட வேலை.

பில் போடுபவரிடமே பணமும் இருப்பது சரியா என்று கேட்பீர்கள். அதிலும் ஒரு சந்து உண்டு: நேரில் வரும் வாடிக்கையாளருக்குச் சரக்கைக் கொடுத்துவிட்டுப் பில்லை ரத்து செய்துவிடலாம். அதற்குத்தான் குடோன் இருக்கிறது. பில் நகல் இல்லாமல் சரக்கு வெளியே போகக்கூடாது, நகல் குடோனிலேயே தங்க வேண்டும். பில்லை ரத்து செய்யும் உரிமை டேலியில் அந்தப் பெண்ணுக்கு இருக்கக்கூடாது. வாரம் ஒருமுறை கணக்காளர் குடோன் நகல்களின் எண்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் எது காணோம் என்று தெரிந்துவிடும்.

பணம் வெளியே போகும் பக்கத்தில், நெட் பேங்கிங் வந்தபிறகு பிரிப்பது சுலபமாகிவிட்டது. நடப்புக் கணக்கு வைத்திருக்கும் வியாபாரிகளுக்குப் பெரும்பாலான வங்கிகள் இரண்டு பயனர் வசதி தருகின்றன: ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் ஒப்புதல் தந்தால்தான் பணம் போகும். கணக்காளர் பதிவு செய்யட்டும், முதலாளி ஒப்புதல் தரட்டும். இது எங்கே கெட்டுப்போகிறது என்றால், முதலாளி வெளியூர் போகும் நாளில். "முதலாளி, ஓடிபி வந்துச்சா, சொல்லுங்க" என்று போன் வரும். அவரும் பஸ்ஸில் இருந்தபடி ஆறு எண்ணையும் படித்துக் காட்டுவார். அந்த நொடியில் இரண்டு பயனரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்த செக் புத்தகமும் இதே ரகம்தான்.

ஒப்புதல் தரும்போது தொகையை மட்டும் பார்த்தால் போதாது. சப்ளையரின் அசல் பில், சரக்கு வந்ததற்குக் குடோன்காரர் போட்ட கையெழுத்து, இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். பணம் போனதும் அசல் பில்லின் மேலேயே முத்திரை குத்திவிட வேண்டும், இல்லையென்றால் இரண்டு மாதம் கழித்து அதே பில் மறுபடி மேசைக்கு வரும். புதிதாக ஒரு பெனிஃபிஷியரி சேர்க்கச் சொன்னாலோ, பழைய சப்ளையர் வங்கிக் கணக்கை மாற்றிவிட்டார் என்று சொன்னாலோ, முதலாளியே போன் செய்து கேட்க வேண்டும். அதுவும் மாற்றச் சொல்லி வந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல. பழைய பில்லில் அச்சாகியிருக்கும் எண்ணுக்கு.

இத்தனையிலும் ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் எதைச் செய்வது என்று கேட்டால், என் பதில் வங்கி ஸ்டேட்மென்ட். மாதம் ஒருமுறை முதலாளி தன் லாகினில் போய்த் தானே இறக்கிக்கொள்ள வேண்டும். கணக்காளர் எக்செல்லில் எடுத்துத் தருவதை வாங்கிப் பார்ப்பதில் பயனில்லை. எக்செல்லில் வரியை அழிக்க யாருக்கும் தெரியும். டேலியில் உள்ள வங்கி ஒத்திசைவு அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் போக வேண்டும். பெயர் தெரியாத ஆளுக்குப் போன பணம், செல்ஃப் செக், ஒரே தொகை இருமுறை போனது, டேலியில் "கட்டியாயிற்று" என்று இருந்தும் வாரங்களாக வங்கியில் வராத தொகை, இவைதான் கண்ணில் பட வேண்டியவை. எல்லா வங்கிக் கணக்குகளுக்கும் இதைச் செய்ய வேண்டும், பயன்பாட்டில் இல்லாத பழைய கணக்கு உட்பட.

"எல்லா" என்ற சொல்லுக்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் என்று சுமார் 16,000 பேர் வாழும் ஓர் ஊர். அந்த நகராட்சியின் நிதிப் பொறுப்பு ரீட்டா கிரண்ட்வெல் என்ற ஒரே ஆளிடம் இருந்தது. 1990-இல் அவர் நகராட்சியின் பெயரை வைத்து ரகசியமாக ஒரு வங்கிக் கணக்கைத் திறந்தார். நகராட்சிப் பணத்தை அதற்கு மாற்றி, அதிலிருந்து தன் குதிரைப் பண்ணைக்குச் செலவு செய்தார். 2012-இல் கைதாகும்வரை போன தொகை 5.3 கோடி டாலருக்கும் மேல். ஆண்டுதோறும் வந்த வெளித் தணிக்கை அதைக் கண்டுபிடிக்கவில்லை. 2011-இல் அவர் நீண்ட விடுப்பில் போனபோது, அவர் வேலையைப் பார்த்த நகராட்சி எழுத்தர் வங்கியிடம் எல்லாக் கணக்குகளின் ஸ்டேட்மென்டையும் கேட்டார். அந்தக் கட்டில் யாரும் கேள்விப்படாத ஒரு கணக்கும் இருந்தது. 2013-இல் கிரண்ட்வெல்லுக்கு 19 ஆண்டு 7 மாதம் சிறைத்தண்டனை.

விடுப்பு இல்லாதிருந்தால் அது இன்னும் ஓடியிருக்கும். நம் ஊர் வங்கிகளில் முக்கியமான பொறுப்பில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறை முன்னறிவிப்பில்லாமல் 10 வேலை நாள் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருப்பதும் இதற்காகத்தான். லாப்பிங் செய்பவர் வாராவாரம் உட்கார்ந்து ஓட்டையை நகர்த்தியாக வேண்டும். இரண்டு வாரம் வேறொருவர் ரசீது போட்டால், உசிலம்பட்டிக்காரரின் பணம் உசிலம்பட்டி பெயரிலேயே ஏறி, பழைய 40,000 அப்படியே வெளியே நிற்கும். பல வருடம் ஒருநாள்கூட லீவு எடுக்காத கணக்காளரை முதலாளிகள் பெருமையாகச் சொல்வார்கள். நல்லவராகவே இருக்கட்டும், அவரையும் விடுப்பில் அனுப்புங்கள். உங்கள் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஒரு பயிற்சி மாணவர் வந்து அந்த இரண்டு வாரமும் உட்கார்ந்தால் போதும்.

டேலியிலும் கொஞ்சம் வேலை இருக்கிறது. நிர்வாகி பாஸ்வேர்டு முதலாளியிடம் இருக்க வேண்டும். மற்ற இருவருக்கும் தனித்தனிப் பெயர். எத்தனை நாள் வரை பின்தேதியிட்டுப் பதிவு செய்யலாம் என்பதை அதிலேயே கட்டுப்படுத்தலாம். எடிட் லாக் உள்ள பதிப்பில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் நிற்கும். கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்களுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் இந்தத் தடம் கட்டாயம். தனிநபர் உரிமை நிறுவனத்துக்குக் கட்டாயமில்லை, ஆனாலும் வைத்துக்கொள்வது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் தப்பும் ஒன்று இருக்கிறது. விற்பனையாளரும் பில் போடுபவரும் சேர்ந்துகொண்டால் வசூல் தாளே பொய்யாகிவிடும்; வேலையைப் பிரிப்பது தனி ஆளைத்தான் தடுக்கும், கூட்டைத் தடுக்காது. இதற்கு மருந்து வெளியே இருக்கிறது. மாதம் நாலைந்து கடைகளைத் தேர்ந்து, "உங்க பேர்ல இந்தத் தேதி வரை இவ்வளவு பாக்கி நிக்குது, சரிதானா அண்ணாச்சி?" என்று முதலாளி தன் போனிலிருந்தே கேட்க வேண்டும். எந்தக் கடை என்று அலுவலகத்தில் யாருக்கும் முன்கூட்டித் தெரியக்கூடாது. எப்போதாவது ஒருநாள் விற்பனையாளருக்குப் பதில் தானே வசூலுக்குப் போய், கடைக்காரர் வைத்திருக்கும் ரசீதுத் தாள்களை வாங்கி, தேதியையும் தொகையையும் தன் லெட்ஜரோடு அங்கேயே சரிபார்த்துவிட்டு வர வேண்டும்.