பன்னிரண்டு நிமிடம் என்று எழுதாதீர்கள்

"சார், வாரம் 15 மணி நேரம் இழுத்துட்டிருந்த போட்டோ சைஸ் வேலை இப்ப 12 நிமிஷத்துல முடிஞ்சிருதுங்க."

ஆன்லைன் விற்பனைக்காக மட்டுமே டி-ஷர்ட் தைக்கும் ஒரு திருப்பூர் நிறுவனத்தில், கேட்டலாக் பிரிவில் இருக்கும் பெண் தன் மேனேஜருக்காக இந்த வரியைத் தட்டி வைத்திருந்தார். அனுப்பவில்லை. அனுப்பாமல் விட்டது நல்லது. வரியில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் கணக்கு தப்பு. 15 மணி நேரம் என்பது ஒரு ஆள் உட்கார்ந்து செய்த நேரம். 12 நிமிடம் என்பது கம்ப்யூட்டர் ஓடிய நேரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிற எந்த மேனேஜரும், 'அப்படியானால் அந்த நாற்காலிக்கு ஆள் எதற்கு?' என்றுதான் அடுத்து யோசிப்பார்.

'அலுவலகத்தில் நேரத்தை மிச்சம் பிடிக்கும் வழிகள்' என்று எழுதச் சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். வழிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. மிச்சம் பிடித்ததை மேலே இருப்பவருக்கு எப்படிச் சொல்வது என்பதில்தான் விஷயமே இருக்கிறது என்று எனக்குப் பட்டதால், இந்த ஒரு மெசேஜோடு நின்றுவிட்டேன்.

முதலில் வேலை என்ன என்று பார்ப்போம். வாரத்துக்கு ஏறக்குறைய 60 மாடல்கள் வருகின்றன. மாடலுக்கு ஆறு படம்: முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு, கழுத்து, துணியின் நெருக்கப் படம், லேபிள். மொத்தம் 360 படங்கள். கேமராவிலிருந்து வரும்போது ஒவ்வொன்றும் 6000-க்கு 4000 பிக்சல். இதை ஒரு விற்பனைத் தளம் வெள்ளைப் பின்னணியோடு 2000-க்கு 2000 சதுரமாகக் கேட்கிறது. இன்னொன்று 1080-க்கு 1440 என்று நெட்டையாகக் கேட்கிறது. நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கு 1000 பிக்சல் சதுரம் போதும். ஆக, வாரம் 1,080 ஃபைல்கள். போட்டோஷாப்பில் ஒவ்வொன்றாகத் திறந்து, அளவு மாற்றி, வெட்டி, பெயர் கொடுத்து, சேமித்து என்று இரண்டு வருடமாக இது கையால் நடந்தது.

அந்த 15 மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். இப்படிப்பட்ட எண்கள் பெரும்பாலும் குத்துமதிப்பில்தான் பிறக்கும். இவரிடம் அளவு இருந்தது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எளிதானதும் சிக்கலானதும் கலந்த 40 படங்களை எடுத்துக்கொண்டு செல்போனில் ஸ்டாப்வாட்ச் போட்டிருக்கிறார். முடிய ஒரு மணி 40 நிமிடம். ஒரு படத்துக்கு மூன்று அளவும் சேர்த்து இரண்டரை நிமிடம். 360 படத்துக்கு 900 நிமிடம், அதாவது 15 மணி நேரம். காலையில் சுறுசுறுப்பாக இருக்கும்போது அளந்திருந்தால் குறைவாக வந்திருக்கும், எரிச்சலான நாளில் அளந்திருந்தால் கூடுதலாக வந்திருக்கும். 'எப்படிச் சொல்றே?' என்று மேனேஜர் கேட்டால் காட்டுவதற்கு இந்த 40 படம் இருக்கிறது.

புது ஏற்பாடு ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள் 1990-லிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. அவர் எழுதியது, ஒவ்வொரு அளவுக்கும் ஒன்றாக மூன்று கட்டளைகள். 2000 சதுரத்துக்கானது இது:

```
magick mogrify -path site -auto-orient ^
 -profile sRGB.icc -strip ^
 -resize "2000x2000>" -background white ^
 -gravity center -extent 2000x2000 ^
 -quality 85 *.jpg
```

`-path site` என்பதை விட்டுவிட்டால் புதுப் படங்கள் மூலப்படங்களின் மேலேயே எழுதப்பட்டுவிடும். கேமரா படம் போனது போனதுதான். அளவுக்குப் பின்னால் இருக்கும் `>` குறி, சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்காமல் தடுக்கிறது. இதெல்லாம் எங்கே தேடினாலும் கிடைக்கும் சங்கதிகள். இரண்டாவது வரிக்குப் பின்னால்தான் கதை இருக்கிறது.

முதலில் அந்த வரியில் `-strip` மட்டும் இருந்தது. கேமரா படங்களோடு ஒட்டிவரும் தேவையில்லாத தகவல்களை நீக்கி ஃபைலை இளைக்கவைப்பது அதன் வேலை. அந்தத் தகவல்களோடு வண்ணக் குறிப்பும் சேர்ந்து போய்விடும் என்பது அவருக்குத் தெரியாது. அங்கிருந்த கேமரா அடோபி ஆர்ஜிபி என்ற அகலமான வண்ண முறையில் படம் எடுக்கும்படி வைக்கப்பட்டிருந்தது. வண்ணக் குறிப்பு இல்லாத படத்தை பிரவுசர்கள் எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான முறையில் இருப்பதாக எடுத்துக்கொள்ளும். விளைவு, சிவப்பும் பச்சையும் சோகை பிடித்ததுபோல் மங்கிப்போயின. கையால் செய்த இரண்டு வருடத்தில் இது ஒருமுறைகூட நடக்கவில்லை. போட்டோஷாப்பின் 'சேவ் ஃபார் வெப்' பெட்டியில், எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றும் கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. வண்ணத்தை அவர் மாற்றுவதாக நினைத்ததே இல்லை, ஆனால் ஒவ்வொரு படத்திலும் மாற்றிக்கொண்டிருந்தார்.

இதற்கு மருந்து சுலபம். முதலில் மாற்று, பிறகு நீக்கு என்று `-profile sRGB.icc` முன்னால் சேர்ந்தது. எல்லாப் படங்களும் ஒரே மாதிரி மங்கியதால் கண்டுபிடிப்பதும் எளிதாக இருந்தது.

அடுத்து நடந்ததற்குக் கட்டளையில் மருந்து கிடையாது. ஸ்டுடியோவில் மெரூன் டி-ஷர்ட்டின் படங்களுக்கு ஒயின் நிறத்தின் ஸ்டைல் நம்பரையும், ஒயினுக்கு மெரூனின் நம்பரையும் மாற்றிப் போட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டர் இரண்டையும் கச்சிதமாக 2000-க்கு 2000 ஆக்கிக் கொடுத்தது. மெரூன் கேட்டவருக்கு ஒயின் படத்தைக் காட்டி மெரூன் போனது. 'கலர் வேற' என்ற காரணத்தோடு ரிட்டர்ன் பீஸ்கள் வரத் தொடங்கிய பிறகே விஷயம் தெரிந்தது. போக ஒரு கூரியர் செலவு, வர ஒரு கூரியர் செலவு, திரும்பி வந்ததைப் பிரித்துத் தேய்த்து மறுபடி மடிக்க ஒரு ஆள்.

"முன்னெல்லாம் இது மாதிரி நானே பிடிச்சிருவேனுங்க" என்கிறார் அவர். "ஃபைலத் தொறந்தா மேல நம்பர் இருக்கும், கீழ சட்டை இருக்கும். கண்ணுல படாம இருக்காது. காலர்ல நூல் தொங்கறது, லேபிள் கோணலா இருக்கறது எல்லாம் அப்பவே ஸ்டுடியோவுக்கு போன் பண்ணிச் சொல்லிருவேன்."

அந்த இரண்டரை நிமிடத்துக்குள் இரண்டு வேலைகள் நடந்திருக்கின்றன. ஒன்று அளவு மாற்றுவது. இன்னொன்று, யாரும் கேட்காமல், எந்த ரிப்போர்ட்டிலும் வராமல் நடந்த செக்கிங். இந்த ஊரில் தைத்த பீஸை செக்கிங் டேபிளில் போட்டுத் திருப்பிப் பார்க்காமல் எந்தக் கம்பெனியும் பேக்கிங்குக்கு அனுப்பாது. படங்களுக்கு அந்த டேபிளாக அவருடைய மானிட்டர் இருந்திருக்கிறது. ஆட்டோமேஷன் வந்ததும் முதல் வேலை கம்ப்யூட்டருக்குப் போனது. இரண்டாவது வேலை யாருக்கும் போகவில்லை. வேலையை மிச்சம் பிடித்ததாகச் சொல்லப்படும் இடங்களில் எல்லாம் இப்படிக் காணாமல் போனது எத்தனை இருக்கும் என்று நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. படத்தைச் சரிபார்ப்பது ஸ்டுடியோவின் பொறுப்பு, அங்கே ஒழுங்காகச் செய்தால் கேட்டலாக்கில் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. ஸ்டுடியோவில் நம்பர் மாறாத நாள் வரட்டும், பார்க்கலாம்.

இப்போது அவர் செய்வது இது. கட்டளை ஓடி முடிந்ததும், படங்களைச் சிறிதாக்கி, ஒவ்வொன்றின் கீழும் ஃபைல் பெயரோடு, ஒரு பக்கத்துக்கு 30 வீதம் அடுக்கித் தரும் இன்னொரு கட்டளையை ஓட்டுகிறார்:

```
magick montage -label "%f" *.jpg -tile 5x6 ^
 -geometry 300x300+8+8 sheet.jpg
```

360 படம் 12 ஷீட்டில் அடங்கிவிடுகிறது. நம்பர் மாறியது மட்டுமல்ல, கம்ப்யூட்டர் சொதப்பியவையும் இதில் தெரிந்துவிடும். சட்டைக்குப் பின்னால் லேசான சாம்பல் இருந்தால், ஓரத்தில் சேர்த்த சுத்த வெள்ளைக்கும் அதற்கும் நடுவில் கோடு விழும். வெளியிலிருந்து வந்த சின்னப் படம் என்றால், பெரிய வெள்ளைக் கட்டத்துக்கு நடுவே ஸ்டாம்ப் மாதிரி நிற்கும். வாரத்துக்கு 25 படங்கள் வரை இப்படிப் போட்டோஷாப்புக்குத் திரும்பிப் போகின்றன.

அனுப்பிய மெசேஜ் இப்படி இருந்தது:

"சார், போட்டோ சைஸ் வேலைக்கு வாரம் 15 மணி நேரம் போயிட்டிருந்ததுங்க. 40 போட்டோவுக்கு டைம் வச்சுப் பார்த்துப் போட்ட கணக்கு இது. இப்ப கம்ப்யூட்டர் ஓடறது 12 நிமிஷம். அப்ப நான் வேற வேலை பார்க்கலாம். ஆனா ஆள் உட்கார வேண்டிய நேரம் இரண்டே கால் மணி இருக்குங்க. ஃபோல்டர் பிரிக்க 20 நிமிஷம், ஷீட் செக்கிங் 40 நிமிஷம், கையால சரி பண்ண 75 நிமிஷம். அது போக மிச்சம் வாரம் 12 மணி 45 நிமிஷம். இத எழுதி ஓட வைக்க எனக்கு 9 மணி நேரம் ஆச்சு. சைட்டுல அளவு விதி மாத்தினாங்கன்னா மறுபடி அரை நாள் போகும். போன மாசம் மெரூனும் ஒயினும் மாறினது செக்கிங் இல்லாம விட்டதாலதான். அதனால அந்த 40 நிமிஷத்த ஷெட்யூல்லயே ஒரு வேலையா போட்டுக் கொடுங்க சார்."

15-லிருந்து இரண்டே கால் என்பது, 15-லிருந்து 12 நிமிடம் அளவுக்குக் கண்ணைப் பறிக்காது. ஆனால் ஒவ்வொரு வரியையும் யார் வேண்டுமானாலும் ஒரு மதியம் பக்கத்தில் உட்கார்ந்து அளந்து பார்த்துவிடலாம். மெரூன் விவகாரத்தை அவரே எழுதியது, மற்ற எண்களையும் நம்பவைக்கும் என்று நினைக்கிறேன். அதை மறைத்து, பிறகு ரிட்டர்ன் கணக்கு வழியாக மேனேஜருக்குத் தெரிந்திருந்தால், முழு மெசேஜுமே விளம்பரமாகப் போயிருக்கும்.

பதில் அன்று மாலையே வந்தது. "குட். செக்கிங் 15 நிமிஷம் போதாதா?"

"12 ஷீட்டுங்க சார். 15 நிமிஷம்னா ஒரு போட்டோவுக்கு இரண்டரை செகண்ட்தான் வருது. நம்பரையும் பார்த்து சட்டையையும் பார்க்க முடியாதுங்க."

40-ஐயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கூடவே, நேரம்தான் மிச்சமாகிவிட்டதே, அடுத்த மாதத்திலிருந்து வாரம் 80 மாடல் எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு கேள்வி. 80 மாடல் என்றால் 480 படம், 16 ஷீட், செக்கிங் மட்டும் 53 நிமிடம். எடுத்துக்கொள்வதாகச் சொல்வதற்கு முன்னால் இந்தக் கணக்கை அனுப்பிவிட்டார் அவர்.