மிதந்து வரும் இலை வட்டுகள்: நோட்டில் எழுதுவது எப்படி?

ஓர் அறிவியல் கண்காட்சியில் நடுவராக இருந்தபோது, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் சோதனை நோட்டைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. சோதனையை மிக நன்றாகச் செய்திருந்தாள். ஆனால் நோட்டில் எழுதிய விதத்தில் பாதி உழைப்பு வீணாகிவிட்டது. நான் பௌதிகம் நடத்துபவன். இலையைப் பற்றி அவளுக்குச் சொல்லித்தர எனக்கு அதிகம் இல்லை. ஆனால் அவள் சறுக்கிய இடங்கள் எல்லாம் பௌதிகத்தின் பக்கம்தான் இருந்தன. அந்த நோட்டை உங்கள் முன் விரித்து வைக்கிறேன்.

முதலில் சோதனையைச் சொல்லிவிடுகிறேன். பசலைக் கீரையின் இலையில், காகிதத்தில் துளைபோடும் பஞ்சைக் கொண்டு சிறு சிறு வட்டுகள் வெட்டிக்கொள்ள வேண்டும். நடு நரம்பை விட்டுவிட வேண்டும். 300 மில்லி லிட்டர் நீரில் 0.6 கிராம் சமையல் சோடாவைக் கரைத்து, அதில் ஒரே ஒரு சொட்டு சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். சோடா கார்பன் டை ஆக்சைடைத் தருவதற்கு. சோப்பு, இலையின் மெழுகுப் பூச்சைத் தாண்டி நீர் உள்ளே நுழைவதற்கு. ஊசியில்லாத சிரிஞ்சுக்குள் பத்து வட்டுகளைப் போட்டு, கொஞ்சம் கரைசலை உறிஞ்சி, நுனியை விரலால் அடைத்துக்கொண்டு தண்டைப் பின்னால் இழுங்கள். உள்ளே அழுத்தம் குறைகிறது. இலையின் இடைவெளிகளில் இருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேறுகிறது. தண்டை விட்டவுடன் காற்று இருந்த இடத்தில் கரைசல் புகுந்துகொள்கிறது. இரண்டு மூன்று முறை செய்தால் வட்டுகள் கல்லைப் போல அடியில் போய் அமர்ந்துவிடும்.

இவற்றை 100 மில்லி லிட்டர் கரைசல் உள்ள முகவையில் இட்டு விளக்கின் அடியில் வைத்தால், ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் ஆக்சிஜன் அந்த இடைவெளிகளில் சேர்ந்து வட்டுகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கும். ஒளி வலுத்தால் சீக்கிரம் மிதக்கும், மங்கினால் தாமதமாகும்.

அந்த மாணவி 200 வாட் குண்டு பல்பு ஒன்றை முகவைக்கு மேலே தொங்கவிட்டு, 60, 30, 20, 15, 12 சென்டிமீட்டர் என ஐந்து தூரங்களில் சோதித்திருந்தாள். நிமிடத்துக்கு ஒரு முறை, மிதப்பவற்றை எண்ணிக் குறித்திருந்தாள். 20 செ.மீ. தூரத்தில் ஆறாம் நிமிடம் 1, ஏழில் 3, எட்டில் 5, ஒன்பதில் 8, பத்தில் 9, பதினொன்றில் 10. இந்தப் பக்கத்தைப் பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சி. அடித்தல் திருத்தலோடு அப்படியே இருந்தது. சிலர் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு முடிவை மட்டும் அழகாகப் படியெடுத்து வைப்பார்கள். அதைச் செய்யாதீர்கள்.

இனி அவள் தவறவிட்டவை. ஒவ்வொரு தூரத்துக்கும் பத்து வட்டுகளும் மிதந்து முடிந்த நேரத்தை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள். இயல்பாகத் தோன்றுவது இதுதான். ஆனால் பத்தாவது வட்டு எப்போதுமே சண்டித்தனம் செய்யும். அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்; அல்லது அதில் ஒரு நரம்பு ஓடியிருக்கும். முதல் வட்டோ, காற்று முழுதும் வெளியேறாமல் அரைகுறையாக மூழ்கியதாக இருக்கலாம். ஆகவே இரண்டு ஓரங்களையும் விட்டுவிட்டு, பாதி வட்டுகள், அதாவது ஐந்து, மிதக்க எடுத்த நேரத்தை எடுத்துக்கொள்வதே முறை. மேலே சொன்ன வரிசையில் அது 8 நிமிடம். 12 செ.மீ. தூரத்தில் ஐந்தாம் நிமிடம் 4, ஆறாம் நிமிடம் 6 என்றிருந்தது, அங்கே 5.5 நிமிடம் என்று கொள்ளலாம். நிமிடக் கணக்கு முழுதும் நோட்டில் இருந்ததால்தான் இதை என்னால் திரும்பக் கணக்கிட முடிந்தது.

அடுத்து, அவளுடைய வரைபடம். கிடை அச்சில் தூரம், செங்குத்து அச்சில் நேரம். கோடு இடமிருந்து வலமாக ஏறிச் சென்றது. கீழே 'அறிவன' என்ற தலைப்பில், 'தூரம் கூடக்கூட ஒளிச்சேர்க்கை கூடுகிறது' என்று எழுதியிருந்தாள்! கோடு ஏறுவதைப் பார்த்ததும் கை தானாக எழுதிவிட்டது. ஏறியது நேரம்தான், வேகம் அல்ல. 20 நிமிடம் எடுக்கும் வட்டு 8 நிமிடம் எடுக்கும் வட்டைவிட மெதுவாக வேலை செய்கிறது. வேகத்தைக் காட்ட வேண்டுமானால் 1 என்பதை நேரத்தால் வகுக்க வேண்டும். 8 நிமிடம் என்றால் 1/8, அதாவது நிமிடத்துக்கு 0.125. இது எத்தனை மில்லி லிட்டர் ஆக்சிஜன் என்று சொல்லாது. ஒன்றோடொன்று ஒப்பிட மட்டுமே உதவும். இதையும் நோட்டில் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.

சரி, கிடை அச்சில் தூரம் இருக்கலாமா? நாம் மாற்ற நினைத்தது ஒளியின் செறிவை, தூரத்தை அல்ல. தூரம் அதற்கு ஒரு கைப்பிடி மட்டுமே. சிறிய விளக்கிலிருந்து வரும் ஒளியின் செறிவு, தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். தூரம் பாதியானால் செறிவு நான்கு மடங்கு. 60 செ.மீ. தூரத்துச் செறிவை 1 என்று கொண்டால், 30-ல் 4, 20-ல் 9, 15-ல் 16, 12-ல் 25. அவள் அட்டவணையை இப்படித் திருத்தினேன்:

தூரம் 60 செ.மீ.; செறிவு 1; 30 நிமிடத்தில் ஒன்றும் மிதக்கவில்லை.
தூரம் 30 செ.மீ.; செறிவு 4; நேரம் 20 நிமிடம்; வேகம் 0.050.
தூரம் 20 செ.மீ.; செறிவு 9; நேரம் 8 நிமிடம்; வேகம் 0.125.
தூரம் 15 செ.மீ.; செறிவு 16; நேரம் 6 நிமிடம்; வேகம் 0.167.
தூரம் 12 செ.மீ.; செறிவு 25; நேரம் 5.5 நிமிடம், வேகம் 0.182.

முதல் வரியைக் கவனியுங்கள். அவள் அங்கே 'வேகம் 0' என்று போட்டிருந்தாள். அரை மணி நேரத்தில் மிதக்கவில்லை என்பதுதான் அவள் கண்டது. அதை அப்படியே எழுத வேண்டும். ஒளிச்சேர்க்கையே நடக்கவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. இலை சுவாசிக்கவும் செய்கிறது, ஆக்சிஜனைச் செலவிடுகிறது. மங்கிய ஒளியில் வரவும் செலவும் ஏறக்குறைய சமமாகிவிட்டால் மிச்சம் எதுவும் சேராது. வட்டு மேலே வராது. நாம் அளப்பது இந்த மிச்சத்தைத்தான். ஐயம் இருந்தால், மிதக்கும் வட்டுகளைக் கொண்ட முகவையை இருட்டில் மூடி வையுங்கள். சேர்ந்த ஆக்சிஜன் சுவாசத்தில் செலவாகி, வட்டுகள் மெல்ல மறுபடி மூழ்கும்.

இப்போது புள்ளிகளை வரைபடத்தாளில் குறித்தால், கோடு முதலில் விறுவிறுவென்று ஏறி, 9-க்கு மேல் வளைந்து, 25-ல் ஏறத்தாழப் படுத்துவிடுகிறது. பாடப்புத்தகத்தில் நீங்கள் காணும் அதே வடிவம்! 'ஒளி போதுமான அளவு கிடைத்துவிட்டது. இனி வேறு ஏதோ ஒன்று வேகத்தைத் தடுக்கிறது' என்று எழுதிவிடலாம் போலத் தோன்றும். இங்கேதான் நான் அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன்: 'தூரத்தை எங்கிருந்து எங்கே அளந்தாய் அம்மா?'

'பல்பின் இழையிலிருந்து முகவையின் விளிம்பு வரை, சார்' என்றாள்.

வட்டுகளோ அடியில் கிடந்தன, விளிம்பிலிருந்து 6 செ.மீ. கீழே. அப்படியானால் உண்மையான தூரங்கள் 66, 36, 26, 21, 18. இந்த 6 செ.மீ. எல்லாத் தூரங்களையும் ஒரே மாதிரி பாதிக்காது. 60-ஐ 66 ஆக்கினால் செறிவு ஆறில் ஒரு பங்கு குறையும். 12-ஐ 18 ஆக்கினாலோ பாதிக்கும் கீழே போய்விடும்! திருத்தி எழுதினால் செறிவுகள் 1, 4, 9, 16, 25 அல்ல, 1, 3.4, 6.4, 9.9, 13.4. வலது பக்கப் புள்ளிகள் எல்லாம் இடப்பக்கம் நெருங்கி வந்துவிட்டன. வளைவு முழுதும் மறையவில்லை. ஆனால் முன்பு தோன்றிய அளவு படுத்துக் கிடக்கவும் இல்லை. அளவுகோலை வைத்த இடம், இலையின் குணம் போல வேடம் போட்டுக்கொண்டு வரைபடத்தில் ஏறிவிட்டது, பார்த்தீர்களா?

எஞ்சிய வளைவையாவது நம்பலாமா? நோட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு இருந்தது: 60 செ.மீ. தூரத்தில் நீரின் வெப்பநிலை தொடக்கத்திலும் முடிவிலும் 28 டிகிரி, 12 செ.மீ. தூரத்தில் 28-லிருந்து 32. அவள் இதை முக்கியம் என்று நினைக்கவில்லை. எனக்கோ அந்த நோட்டிலேயே மிக மதிப்புள்ள வரி அதுதான். குண்டு பல்பு ஒளியைவிட வெப்பத்தையே அதிகம் தருகிறது. ஆகவே கிட்டத்தில் ஒளி மட்டும் மாறவில்லை, வெப்பமும் மாறிவிட்டது. வெப்பம் ஒளிச்சேர்க்கையின் வேதிவினைகளையும் விரைவுபடுத்தும், சுவாசத்தையும் விரைவுபடுத்தும். கடைசிப் புள்ளியில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்த நோட்டைக் கொண்டு முடியாது. எல்.இ.டி. விளக்கைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். குண்டு பல்புதான் கைவசம் என்றால், இடையே தட்டையான கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் வெப்பத்தின் பெரும்பகுதியை அது வாங்கிக்கொள்ளும். எப்படிச் செய்தாலும் வெப்பநிலைக்கு அட்டவணையில் தனிக் கட்டம் வேண்டும். ஓரத்தில் பென்சிலில் அல்ல.

இன்னொன்று. எல்லா வட்டுகளையும் காலையிலேயே வெட்டி வைத்துவிட்டு, 60-லிருந்து தொடங்கி 12-ல் முடித்திருந்தாள். கடைசி முகவைக்கு வந்த வட்டுகள் இரண்டு மணி நேரம் பழையவை. தூரங்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்து, அந்த வரிசையில் செய்தால் இந்தச் சந்தேகம் எழாது. சோடா சேர்க்காத நீரில் பத்து வட்டுகளை அதே விளக்கின் கீழ் வைத்த ஒரு முகவையும் வேண்டும். அவை அடியிலேயே கிடந்தால், மற்றவை மிதந்ததற்கு வெறும் சூடு காரணமல்ல என்று காட்டலாம்.

கடைசியில் 'அறிவன' பகுதியை இருவரும் சேர்ந்து திருத்தி எழுதினோம்: 'வட்டுகள் இருந்த இடத்தில் ஒளிச்செறிவு 3.4-லிருந்து 9.9 ஆக உயர்ந்தபோது, பாதி வட்டுகள் மிதக்கும் வேகம் 0.050-லிருந்து 0.167 ஆக உயர்ந்தது. அதற்கு மேல் உயர்வு குறைந்தது. ஆனால் அங்கே வெப்பநிலையும் 4 டிகிரி மாறியிருப்பதால், ஒளி போதுமானதாகிவிட்டது என்று இந்தச் சோதனையைக் கொண்டு சொல்ல இயலாது. கார்பன் டை ஆக்சைடுதான் தடையா என்பதை அறிய, வெப்பநிலை மாறாமல், இருமடங்கு சோடாவுடன் 12 செ.மீ. தூரத்தில் திரும்பச் செய்து பார்க்க வேண்டும்.'

படித்துப் பார்த்துவிட்டு, 'முன்பு எழுதியதைவிடக் குறைவாகத்தானே சார் சொல்லியிருக்கிறோம்?' என்று கேட்டாள். 'ஆமாம். ஆனால் இதில் ஒரு வரியைக்கூட யாராலும் அடிக்க முடியாது' என்றேன். மறுவாரமே எல்.இ.டி. விளக்கு ஒன்று வாங்கித் தரும்படி வீட்டில் கேட்கப் போவதாகச் சொல்லிவிட்டு, நோட்டை வாங்கிக்கொண்டு போனாள்.