திருநங்கைக்கான ஹார்மோனும் அறுவை சிகிச்சையும்

பிறக்கும்போது ஆண் என்று குறிக்கப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணரும் 18 வயது நிறைந்த ஒருவர் உடலை அதற்கேற்ப மாற்றிக்கொள்ள விரும்பினால், பெரும்பாலும் முதலில் சந்திப்பது மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோதான். "பேசி மனசை மாத்திடுவாங்க" என்ற நம்பிக்கையோடு பெற்றோர் அங்கே அழைத்துவருவதும் உண்டு. ஆலோசனையின் வேலை அதுவல்ல. பாலின அடையாளத்தை மாற்ற முயலும் சிகிச்சையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் தடை செய்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடும் இந்த உணர்வை மனநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

அப்படியானால் ஆலோசகர் எதைப் பார்க்கிறார்? இந்த உணர்வு நீடித்து இருக்கிறதா, மனச்சோர்வு போன்ற வேறு சிக்கல் கூடவே இருக்கிறதா, எது திரும்பும் எது திரும்பாது என்று அவருக்குப் புரிந்திருக்கிறதா என்பதை. பிள்ளை பெறும் ஆசை இருந்தால் விந்தணுவை உறைய வைப்பது பற்றி ஹார்மோன் தொடங்குமுன் பேசியாக வேண்டும். பின்னால் அந்த வாய்ப்பு குறைந்துபோகலாம்.

சிகிச்சையில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்து, டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் மருந்தையும் சேர்ப்பார்கள். மூன்று முதல் ஆறு மாதங்களில் மார்பு வளரத் தொடங்கும். அது முழுமையடைய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். மருந்தை நிறுத்தினால் தோலின் மென்மையும் கொழுப்பின் இடமாற்றமும் பெருமளவு பழைய நிலைக்குத் திரும்பும். வளர்ந்த மார்பு திரும்பாது. உடைந்த குரல் ஹார்மோனால் மெலிவதில்லை, தாடியும் மறைவதில்லை. குரலுக்குப் பயிற்சியும் தாடிக்கு லேசரும் தனியாக வேண்டும்.

வீட்டார் கவனிக்க வேண்டிய ஆபத்து இரத்தக்கட்டி. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சுவலி ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். புகைபிடித்தால் ஆபத்து கூடும். மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரை வாங்கித் தானே அளவைக் கூட்டி விழுங்கும் வழக்கம் இன்னும் மோசமானது. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் வகையே இரத்தத்தை உறையச் செய்யும் தன்மை கூடியது. இரத்தப் பரிசோதனை செய்து அளவைச் சரிபார்க்கவும் அங்கே யாரும் இல்லை.

அறுவை சிகிச்சை எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. விதைகளை மட்டும் அகற்றிக்கொள்வோர் உண்டு. முழு அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் ஆணுறுப்பின் தோலைக் கொண்டே பெண்ணுறுப்பை அமைத்து, சிறுநீர்க்குழாயைச் சுருக்குகிறார்கள். கருப்பை இராது, மாதவிடாயும் வராது. புதிய பாதை சுருங்கிவிடாமலிருக்க விரிப்புக் கருவியை முதல் மாதங்களில் தினமும் பலமுறை பயன்படுத்த வேண்டும். வலிக்குப் பயந்து இதை விட்டவர்களுக்குப் பாதை அடைபடுகிறது. சிறுநீர் மெல்லிய தாரையாகப் போனாலோ, புதிய பாதை வழியே காற்றோ மலமோ கசிந்தாலோ அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

விதைகளை எடுத்தபின் "ஆபரேஷன் முடிந்தது, இனி மாத்திரை எதற்கு?" என்று நிறுத்துவது பெரிய தவறு. உடலில் இரண்டு ஹார்மோனும் போதிய அளவு இல்லாத நிலையில் எலும்பு மெலியத் தொடங்குகிறது. அதனால்தான் ஈஸ்ட்ரோஜனையும் மருத்துவரின் கண்காணிப்பையும் பல ஆண்டுகள் தொடரச் சொல்கிறார்கள்.