துள்ளும் பந்து... நீங்கள் எடுக்கும் சினிமா!

கணக்கு நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஒரு குச்சி மனிதனை வரைந்து, கட்டை விரலால் சர்ரென்று விட்டு, அவன் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா குட்டீஸ்? ஆசிரியரிடம் மாட்டியும் இருப்பீர்கள்! அந்த விளையாட்டுக்கு வயது 150க்கு மேல். இங்கிலாந்தில் ஜான் பார்ன்ஸ் லின்னெட் என்பவர் 1868லேயே இதற்குக் காப்புரிமை வாங்கி வைத்துவிட்டார். சினிமா பிறப்பதற்கு முன்பே!

அமெரிக்காவில் வின்சர் மெக்கே என்ற ஓவியர், தன் மகன் வீட்டுக்குக் கொண்டு வந்த இப்படிப்பட்ட 'புரட்டுப் புத்தகங்களை'ப் பார்த்துத்தான் கார்ட்டூன் படம் எடுக்கும் ஆசை தனக்கு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். சுமார் 4000 படங்களைக் கையால் வரைந்து, 1911ல் முதல் படத்தை வெளியிட்டார். நமக்கு 4000 வேண்டாம். 40 போதும். ஒரு பந்து மேலிருந்து விழுந்து, துள்ளித் துள்ளி அடங்க வேண்டும். அவ்வளவுதான் கதை.

பந்து என்ன பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். கார்ட்டூன் படம் வரையப் படிப்பவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கொடுக்கப்படும் பயிற்சியே இதுதான்.

எப்படி விழுகிறது பந்து?

பக்கத்து வீட்டு ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தான் செய்த புத்தகத்தை எடுத்து வந்தாள். "அங்கிள், பந்து மாதிரியே இல்ல. லிஃப்ட் மாதிரி இறங்குது" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். படமெல்லாம் அழகாகத்தான் இருந்தது. ஸ்கேல் வைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் சரியாக 6 மில்லி மீட்டர் கீழே இறக்கியிருந்தாள். அங்கேதான் தப்பு!

விழும் பொருள் ஒரே வேகத்தில் விழாது. போகப் போக வேகம் கூடும். ஆகவே சம நேரத்தில் அது கடக்கும் தூரமும் கூடிக்கொண்டே போகும். முதலில் 1 பங்கு, அடுத்து 3 பங்கு, பிறகு 5, 7, 9, 11 என்று ஒற்றைப்படை எண்களாக! இத்தாலிய விஞ்ஞானி கலிலியோ 1638ல் வெளியான தன் புத்தகத்தில் இதை விளக்கினார். இவற்றைக் கூட்டிக்கொண்டே வாருங்கள்: 1, 4, 9, 16, 25, 36. அட, வர்க்க எண்கள்! 36 மில்லி மீட்டர் உயரத்திலிருந்து பந்தை விட்டால் நமக்குக் கணக்கு கச்சிதமாக வரும்.

காகிதம் தயாரா?

ஐந்து ஏ4 தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை பாதி பாதியாக மடித்து, மடிப்பில் வெட்டினால் எட்டுத் துண்டுகள். மொத்தம் 40. கையால் கிழிக்காதீர்கள். அண்ணன், அக்கா உதவியுடன் ஸ்கேல் வைத்து பிளேடால் வெட்டுங்கள். ஓரம் கோணலானால் பின்னால் புரட்டும்போது பக்கங்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து விழும்.

இப்போது அதே அளவில் ஒரு கிராஃப் தாளை வெட்டுங்கள். இதுதான் நம் 'வழிகாட்டி'. நீளப் பக்கம் கிடையாக இருக்கட்டும். அடியிலிருந்து 10 மி.மீ. மேலே ஒரு கறுப்புக் கோடு போடுங்கள். அது தரை. இடது ஓரத்திலிருந்து 45 மி.மீ. தள்ளி, தரைக்கு 36 மி.மீ. மேலே முதல் புள்ளி. அதற்குப் பிறகு ஒவ்வொரு புள்ளிக்கும் 1 மி.மீ. வலப்பக்கம் நகர வேண்டும். இடது பக்கம் அத்தனை இடம் எதற்கு என்கிறீர்களா? அங்கேதான் கிளிப் மாட்டுவோம், விரலும் பிடிக்கும்.

புள்ளிகள் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது இதோ, மில்லி மீட்டரில்:

முதல் 7 படங்கள் (விழுதல்): 36, 35, 32, 27, 20, 11, 0. எட்டாவது படத்தில் பந்து தரையில் நசுங்குகிறது.

9 முதல் 18 வரை: 9, 16, 21, 24, 25, 24, 21, 16, 9, 0. பத்தொன்பதில் மறுபடி நசுங்கல்.

20 முதல் 27 வரை: 7, 12, 15, 16, 15, 12, 7, 0. இருபத்தெட்டில் நசுங்கல்.

29 முதல் 34 வரை: 5, 8, 9, 8, 5, 0. முப்பத்தைந்தில் கொஞ்சமாக நசுங்கல்.

36 முதல் 39 வரை: 3, 4, 3, 0. நாற்பதாவது படத்தில் பந்து சும்மா நிற்கிறது.

உச்சிகளை மட்டும் பாருங்கள்: 36, 25, 16, 9, 4. ஒவ்வொரு துள்ளலும் முந்தியதை விடக் குட்டை. உச்சிக்குப் பக்கத்தில் படங்கள் நெருக்கமாகவும், தரைக்குப் பக்கத்தில் தள்ளித் தள்ளியும் இருக்கின்றன அல்லவா? அதுதான் பந்துக்கு 'கனம்' கொடுக்கிறது. ஒவ்வொரு துள்ளலின் புள்ளிகளையும் வேறு வேறு நிறத்தில் வைத்தால் குழம்பாது.

வரையலாம் வாங்க!

வழிகாட்டியின் மேல் ஒரு துண்டுத் தாளை, கீழ் இடது மூலை பொருந்தும்படி வையுங்கள். அடியில் உள்ள கறுப்புக் கோடும் புள்ளிகளும் தெரியும். தெரியவில்லையா? ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். முதலில் தரைக் கோடு. பிறகு ஒரு சட்டைப் பட்டனின் அடி விளிம்பு புள்ளியைத் தொடும்படி வைத்து, சுற்றி பென்சிலால் வரையுங்கள். 40 படத்துக்கும் அதே பட்டன்தான். உங்களுக்குக் கோபம் வந்தாலும் பட்டனை மாற்றக் கூடாது! அப்புறம் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் அழுத்தமாக நிரப்புங்கள். இடது மூலையில் 1, 2, 3 என்று எண் போட மறக்காதீர்கள்.

நசுங்கிய பந்தை எப்படி வரைவது? பட்டனின் குறுக்களவு 11 மி.மீ. என்றால், நசுங்கிய பந்து 8 மி.மீ. உயரம், 15 மி.மீ. அகலம் இருக்கட்டும். உயரம் குறைந்தால் அகலம் கூட வேண்டும். இரண்டும் குறைந்தால் பந்து நசுங்கியது போல இருக்காது, காற்றுப் போனது போல இருக்கும். இந்தப் படங்களிலும் பந்தின் அடி தரையில்தான் இருக்க வேண்டும்.

40ம் முடிந்ததும் அடுக்குங்கள். முதல் படம் அடியில், நாற்பதாவது மேலே. தலைகீழாக இருக்கிறதே என்கிறீர்களா? வலது கட்டை விரலால் தாள்களை வளைத்து விடும்போது அடித்தாள்தான் முதலில் விழும். வலது ஓரத்தை மேஜையில் தட்டிச் சமப்படுத்தி, இடது பக்கம் ஒரு பெரிய கிளிப் மாட்டுங்கள். சின்ன ஸ்டேப்ளர் 40 தாளைத் துளைக்காது. தவிர, படம் எடுக்கும்போது நாம் இதைப் பிரிக்கப் போகிறோம். விட்டுப் பாருங்கள். டொய்ங்... டொய்ங்!

கேமராவுக்கு வருவோம்

புரட்டுவதையே வீடியோ எடுத்துவிடலாமே என்று தோன்றும். எடுத்துப் பாருங்கள், தாள் வளைந்து, படம் மங்கி, விரல்தான் பெரிதாகத் தெரியும். கிளிப்பைக் கழற்றி, ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனி போட்டோவாக எடுப்பதுதான் சரி.

அம்மா, அப்பாவிடம் கேட்டு ஒரு செல்போன் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ஜாண் உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, மேலே பரீட்சை அட்டையை வைத்து, அது சாயாமல் இருக்க அதன் பின்பாதியில் இன்னொரு கனமான புத்தகம் வையுங்கள். போனை அட்டையின் மேல் படுக்க வைத்து, கேமரா கண் மட்டும் விளிம்புக்கு வெளியே கீழே பார்க்கும்படி நீட்டி, டேப்பால் ஒட்டிவிடுங்கள். இனி போன் ஆடக் கூடாது.

தாள் எங்கே? மேஜையில் இரண்டு அட்டைப் பட்டைகளை 'ட' எழுத்து மாதிரி மூலையாக ஒட்டுங்கள். ஒவ்வொரு தாளின் கீழ் இடது மூலையையும் அதில் இடித்து வைத்தால், எல்லாத் தாளும் ஒரே இடத்தில் உட்காரும். மெக்கே 1914ல் 'கெர்ட்டி' என்ற டைனோசர் படத்தை எடுத்தபோது, தாள்களின் மூலைகளில் சிலுவைக் குறி போட்டுப் பொருத்தினார். நமக்கு அட்டை மூலை.

வெளிச்சம்தான் அடுத்த தொல்லை. பகலில் மேகம் வந்து வந்து போகும். படம் மின்னி மின்னித் தெரியும். அதனால் ஜன்னலை மூடி, இரண்டு பக்கமும் இரண்டு மேஜை விளக்கு வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் 40 தாளும் அறை முழுக்கப் பறக்கும். போன் திரையில் பந்தின் மேல் விரலைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால், பல போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பட்டனை அழுத்தும்போது போன் அசையாமலிருக்க, டைமர் வைத்து எடுங்கள்.

Stop Motion Studio போன்ற ஒரு செயலி இருந்தால் வேலை சுலபம். முந்தைய போட்டோவை மங்கலாகக் காட்டும். தாள் நகர்ந்திருந்தால் அப்போதே தெரிந்துவிடும். முதல் படத்திலிருந்து வரிசையாக எடுங்கள். முதல் படத்தை மட்டும் கூடுதலாக 6 தடவையும், கடைசிப் படத்தைக் கூடுதலாக 12 தடவையும் எடுங்கள். பந்து விழும் முன்பும் நின்ற பின்பும் பார்ப்பவருக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டாமா? ஆக 58 போட்டோ. வேகத்தை விநாடிக்கு 12 என்று வையுங்கள். கிட்டத்தட்ட 5 விநாடிப் படம்!

ஓட்டிப் பார்த்து ஏதாவது ஆடினால், தரைக் கோட்டைக் கவனியுங்கள். தரையும் பந்தும் சேர்ந்து குதித்தால், போட்டோ எடுக்கும்போது தாள் மூலையில் சரியாக உட்காரவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப எடுத்தால் போதும். தரை அசையாமல் பந்து மட்டும் துடித்தால், அந்தப் படத்தைத் தப்பான புள்ளியில் வரைந்திருக்கிறீர்கள். திடீரென்று ஒரு தாவல் தெரிந்தால் போட்டோக்களை எண்ணுங்கள். 57தான் இருந்தால், எங்கோ ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது.

அந்த ஏழாம் வகுப்புப் பெண் மறுபடி வரைந்து, எடுத்து, காட்டினாள். பந்து பந்தாகவே துள்ளியது. இருபத்தெட்டாவது படத்தில் மட்டும் அவள் விரல் நுனி எட்டிப் பார்த்தது. "திரும்ப எடுக்கலையா?" என்றேன். "இருக்கட்டும் அங்கிள், நான்தான் எடுத்தேன்னு எல்லாருக்கும் தெரியும்ல" என்றாள்!