யார் யாருக்காகக் காத்திருக்கிறார்?

மென்பொருள் குழுக்களில் காலையில் பதினைந்து நிமிட ஸ்டாண்ட்-அப் நடப்பது வழக்கம். ஆளுக்கொரு இடத்தில் இருந்தால் அது வாட்ஸ்அப்பிலேயே நடந்துவிடும். களுபோவில, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை என்று மூன்று வீடுகளிலிருந்து வேலை செய்யும் குழு ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். செவ்வாய்க்கிழமை அவர்கள் எழுதியவை இவை:

“பேங்க் டெஸ்ட் கீ இன்னும் வரேல்லை. அதுவரைக்கும் வேற பக்கம் பாக்கிறன்.”

“பேமென்ட் முடிஞ்சாத்தான் டெஸ்டிங் தொடங்கலாம். இப்ப பழைய பக் பாக்கிறன்.”

“வெள்ளிக்கிழமை டெமோவாம், கிளையன்ட் கேட்டவர்.”

மூவருமே வேலையாக இருக்கிறார்கள். தடை என்ற சொல்லை ஒருவரும் எழுதவில்லை. ஆனாலும் தடை ஒன்று இருக்கிறது. தனித்தனியாகப் படித்தால் அது தெரியாது. செய்திகளுக்கு இடையிலான உறவில்தான் இருக்கிறது.

கணினி இயக்க முறைமைகளிலும் இதே சிக்கல் உண்டு. ஒரு நிரல் வேறொன்றிடமுள்ள வளத்துக்காகக் காத்திருந்தால், காத்திருப்பதிலிருந்து காக்க வைப்பதை நோக்கி ஓர் அம்பு வரைவார்கள். அம்புகள் வட்டமாக மூடிக்கொண்டால், எவ்வளவு நேரம் பொறுத்திருந்தாலும் எதுவும் நகராது. இத்தகைய முடக்கம் எப்போது உண்டாகும் என்பதற்கான நான்கு நிபந்தனைகளைக் காஃப்மனும் அவரது சகாக்களும் 1971இல் வகுத்துச் சொன்னார்கள்.

நம் குழுவுக்கும் அம்பு வரையலாம். டெமோ டெஸ்டிங்குக்காகவும், டெஸ்டிங் பேமென்டுக்காகவும், பேமென்ட் கீக்காகவும் காத்திருக்கின்றன. வட்டம் இல்லை, சங்கிலிதான். அதன் கடைசி முனை குழுவுக்கு வெளியே, வங்கியில் இருக்கிறது. இந்தச் செய்திகளைத் தொகுத்து எழுதும் அறிக்கையின் முதல் வரி அதுவாகவே இருக்க வேண்டும்:

“தடை: பேமென்ட் வேலை திங்கள் முதல் நிற்கிறது. தேவை: வங்கியின் டெஸ்ட் கீ. கேட்க வேண்டியவர்: குழுத் தலைவர். புதன் மாலைக்குள் வராவிட்டால் வெள்ளி டெமோவில் பேமென்ட் இருக்காது.”

முடிந்தவையும் நடப்பவையும் அதன்பின் வரலாம். அவற்றை ஆள்வாரியாக அடுக்காமல் வேலைவாரியாக அடுக்கினால், அடுத்த சங்கிலியும் தானே தெரியும்.

எழுதுபவர் இரண்டு இடங்களில் வழுக்கலாம். ‘திங்கள் முதல்’ என்பது செவ்வாய்ச் செய்தியில் இல்லை. முந்திய நாள் செய்தியைப் பார்த்தோ கேட்டோதான் எழுத வேண்டும், ஊகிக்கக் கூடாது. மற்றது, ‘வரேல்லை’ என்ற சொல். கீ வேண்டுமென்று வங்கிக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறாரா, இன்னும் எழுதவே இல்லையா? முதலாவதென்றால் வங்கிக்கு நினைவூட்ட வேண்டும். இரண்டாவதென்றால் தடை வங்கியில் இல்லை. ஒரு மின்னஞ்சல் போதும். அறிக்கையை அனுப்புமுன் உரியவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, “யாரிட்ட, எப்ப கேட்டனீங்கள்?” என்பதுதான்.