முதலில் ரத்தம் எடுத்த நேரத்தைப் பாருங்கள்

கட்டுடல் இளைஞர் ஒருவர் இரண்டு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை அருகருகே வைத்துக் காட்டுகிறார். 'டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர்' மாத்திரைக்கு முன் அளவு 290, மூன்று மாதம் கழித்து 430. வீடியோவின் அடியில் தள்ளுபடி கூப்பன். இந்த வகை வீடியோவைப் பார்த்துவிட்டு மாதம் இரண்டாயிரம் ரூபாய் கட்டும் பையன்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள். ரிப்போர்ட் போலியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. உண்மையான லேபில் எடுத்த உண்மையான எண்களை வைத்தே ஏமாற்றலாம்.

ஐ.டி. நிறுவனத்தில் இரவு ஷிப்ட் பார்க்கும், 27 வயதான ஒருவரை எடுத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட பலரைச் சேர்த்து நான் வரைந்த உருவம் இவர். ஐந்து மணி நேரத் தூக்கம், கொஞ்சம் தொப்பை, எப்போதும் அசதி. மாலை ஆறு மணிக்கு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுக்கிறார். 290 வருகிறது. பயந்துபோய் மாத்திரை வாங்குகிறார். அதோடு ஜிம், எட்டு மணி நேரத் தூக்கம் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 'சிறந்த பலனுக்கு' அறிவுரையையும் பின்பற்றுகிறார். மூன்று மாதம் கழித்து, இந்தமுறை காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கிறார். 430. புகழ் முழுக்க மாத்திரைக்குப் போய்விடுகிறது.

டெஸ்டோஸ்டிரோன் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. காலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கும். இளவயதினருக்கு இந்த இறக்கம் கால் பங்கு அளவுக்குக்கூட இருக்கும். சாப்பிட்டவுடன் எடுத்தாலும் குறைத்துக் காட்டும். காய்ச்சல் வந்து தேறிய வாரத்தில் எடுத்தாலும் அப்படித்தான். இன்னொரு கோளாறு பலருக்குத் தெரியாது. முடி வளர என்று விழுங்கும் பயோட்டின் மாத்திரை, சில லேப் கருவிகளில் டெஸ்டோஸ்டிரோனை இல்லாத அளவுக்குக் கூட்டிக் காட்டிவிடும். பூஸ்டரோடு பயோட்டினையும் விழுங்குகிறவருக்கு உடம்பில் எதுவும் மாறாமலே ரிப்போர்ட் மாறலாம்.

எனவே பரிசோதனையை இப்படிச் செய்யுங்கள். காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில், முந்தைய இரவு ஒழுங்காகத் தூங்கிய பிறகு ரத்தம் கொடுங்கள். பயோட்டின் சாப்பிடுகிறவர் எத்தனை நாளுக்கு முன் நிறுத்த வேண்டும் என்று லேபிலேயே கேளுங்கள். குறைவாக வந்தால் முடிவுக்கு வராமல், வேறொரு நாள் காலையில், அதே லேபில் மறுபடி எடுங்கள். இரண்டும் குறைவாக இருந்து, அறிகுறியும் இருந்தால்தான் அது குறைபாடு. ஒரே ஒரு மாலை நேர ரிப்போர்ட்டை நம்பி எதையும் விழுங்காதீர்கள். அடுத்துப் பார்க்க வேண்டியவர் எண்டோகிரைனாலஜிஸ்ட், அதாவது நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். அவர் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் ஆகியவற்றை எடுக்கச் சொல்வார். கோளாறு விரையிலா, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரியிலா என்று அதில்தான் தெரியும். சவரம் செய்யும் தேவை குறைவது, மார்பு வீங்குவது, தலைவலியோடு பார்வை குறுகுவது போன்றவை இருந்தால் மாத்திரை வாங்கி ஆறு மாதத்தை வீணாக்காதீர்கள். பிட்யூட்டரியில் கட்டி இருந்தாலும் இப்படித்தான் தொடங்கும்.

மாத்திரைக்குள் என்ன இருக்கிறது? பெரும்பாலும் நெருஞ்சில், அஸ்வகந்தா, வெந்தயச் சாறு, துத்தநாகம். நெருஞ்சில் ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டுவதாக ஆய்வுகளில் உருப்படியாக நிரூபணமாகவில்லை. துத்தநாகம் குறைபாடு உள்ளவருக்கு உதவும், மற்றவருக்கு இல்லை. அஸ்வகந்தாவுக்குச் சில சிறிய ஆய்வுகளில் சற்றே உயர்வு தெரிந்தது. ஆனால் அதனால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றிய மருத்துவ அறிக்கைகளும் இருக்கின்றன. கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், உடல் அரித்தால் உடனே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனை எடுங்கள்.

நம் ஐ.டி. ஊழியருக்கு எண் கூடியதில் உண்மையான பங்கும் ஒன்று உண்டு. அது அவர் காசு கொடுக்காத பகுதி. 2011இல் அமெரிக்காவில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்க வைத்தபோது, அவர்களின் பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்தது. தொப்பைக் கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. எடை குறைந்தால் அளவு ஏறும், அதிகம் குறைந்தால் அதிகம் ஏறும். குறட்டையோடு மூச்சு தடைபடும் நோய்க்கும் சர்க்கரை நோய்க்கும் சிகிச்சை, குடியை நிறுத்துவது ஆகியவையும் உடம்பு தன் வேலையைச் செய்ய வழி விடும். பளு தூக்கினால் ஏறும் அளவு ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். நிலையான பலன் தசைக்கும் எடைக்கும்தான். இதற்கும் எல்லை உண்டு. ஏற்கெனவே ஒல்லியாக, நன்றாகத் தூங்கி, இயல்பான அளவில் இருப்பவருக்கு எந்த இயற்கை வழியும் அதை இரட்டிப்பாக்காது.

அப்படியானால் வீடியோவில் தெரியும் அந்த உடம்பு எப்படி வந்தது? 'லிவர் கிங்' என்ற அமெரிக்கர் பச்சை ஈரல் தின்றே அப்படி ஆனதாகச் சொல்லி சப்ளிமென்ட் விற்றார். 2022 டிசம்பரில், மின்னஞ்சல்கள் கசிந்த பிறகு, ஸ்டீராய்டு எடுத்ததை ஒப்புக்கொண்டார்.

மாத்திரை ஏமாற்றினால் ஜிம்மில் அடுத்து கிடைப்பது ஊசி. இங்கே ஒரு விஷயத்தை இரண்டு முறை சொல்கிறேன். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் விந்தணு உற்பத்தி நின்றுபோகலாம். 'ஆண்மை' கூட்டப் போட்ட ஊசியால் விந்தணு பூஜ்யமாகி, திரும்பி வர மாதக்கணக்கில், சிலருக்கு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கும். குழந்தைப்பேறு மருத்துவரிடம் போகும்போது இந்த ஊசியை மறைக்காதீர்கள். மறைப்பவர்கள் தேவையில்லாத சிகிச்சைக்கு மனைவியை உட்படுத்துகிறார்கள்.

இனி, ஏமாந்தவர் செய்ய வேண்டியது. பலர் வீடியோவின் கீழ் திட்டிவிட்டுப் பாட்டிலைக் குப்பையில் போடுகிறார்கள். பாட்டில்தான் சாட்சி. மீதி மாத்திரை, பேட்ச் எண் தெரியும் லேபிள், பில், வீடியோவின் ஸ்கிரீன் ரெக்கார்டிங் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வீடியோவை அவர்கள் எந்த நேரமும் நீக்கிவிடுவார்கள்.

பிறகு லேபிளைப் படியுங்கள். உணவுப் பாதுகாப்பு அலுவலர் இதை மருந்து என்பார், மருந்து ஆய்வாளர் உணவு என்பார். இந்த அலைக்கழிப்புக்கு இடம் கொடுக்காதீர்கள். லேபிளே பதில் சொல்லும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையோடு 14 இலக்க எண் இருந்தால் அது சட்டப்படி உணவு. அந்த எண் உயிரோடு இருக்கிறதா என்று foscos.fssai.gov.in தளத்தில் பார்க்கலாம். உணவு, நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லவே கூடாது. 'ஆண்மைக் குறைவு நீங்கும்' என்று விளம்பரம் செய்திருந்தால் அதுவே புகாருக்குப் போதும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி, வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட்டால், வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கலாம். தவறு நிரூபணமானால் அந்தக் கட்டணம் திரும்ப வரும். இதை அலுவலகத்தில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

லேபிளில் ஆயுர்வேத மருந்து உற்பத்தி உரிம எண் இருந்தால் வாசல் வேறு: மாநில இந்திய மருத்துவ உரிம அதிகாரி. பாலியல் திறனைக் கூட்டுவதாக மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. புகாரில் அந்தச் சட்டத்தின் பெயரையே எழுதுங்கள். இரண்டு எண்ணும் இல்லாத பாட்டிலை வாயில் வைக்காதீர்கள்.

வீடியோ போட்டவரும் தப்ப முடியாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்தைப் பரிந்துரைத்தவருக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் ஓராண்டு விளம்பரத் தடையும் விதிக்கலாம். 1915 எண்ணில் புகாரைப் பதியலாம். பணத்தைத் திரும்பப் பெற மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் மனு போட்டாக வேண்டும். உடலுக்குத் தீங்கு நேர்ந்திருந்தால், மருத்துவர் சீட்டில் மாத்திரையின் பெயரும் பேட்ச் எண்ணும் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.