இரவுக் கணக்கு

அறுபதுக்குப் பின் – 9

"ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறேன் டாக்டர். ஆபரேஷன் பண்ணிடுங்க."

நாற்காலியில் உட்காரும் முன்பே அவர் சொன்ன முதல் வார்த்தை இது. வயது 68. பஸ் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது மகனின் மளிகைக் கடையில் காலை முதல் இரவு வரை கல்லாவில் இருக்கிறார். கையிலிருந்த துணிப்பையிலிருந்து ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார். அதில் புரோஸ்டேட் 42 கிராம் என்று போட்டிருந்த வரிக்கு அடியில் யாரோ சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தார்கள்.

உடன் வந்த மனைவிதான் மீதியைச் சொன்னார். "இவரு எழுந்தா எனக்கும் முழிப்பு வந்துடுது சார். போன மாசம் பாத்ரூம் வாசப்படியில கால் தடுக்கி விழுந்துட்டாரு. நல்லவேளை, எலும்பு எதுவும் முறியல."

இந்தக் காட்சி எனக்குப் பழக்கமானது. வயதான ஆண் இரவில் அடிக்கடி எழுந்தால் அது புரோஸ்டேட் வீக்கம்தான் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஸ்கேன் எடுத்தால் சுரப்பி பெரிதாகத்தான் தெரியும், ஏனென்றால் அறுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு அது ஓரளவு பெருத்தே இருக்கும். இளம் வயதில் சுமார் 20 கிராம் இருக்கும் சுரப்பி இவருக்கு 42 கிராம் ஆகியிருந்தது உண்மை. ஆனால் எடைக்கும் தொல்லைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 80 கிராம் சுரப்பியோடு நிம்மதியாகத் தூங்குகிறவரும் உண்டு, 30 கிராமில் அடைத்துக்கொண்டு தவிப்பவரும் உண்டு. சுரப்பி எந்தப் பக்கம் பெருக்கிறது, உள்ளே போகும் சிறுநீர்க் குழாயை எவ்வளவு நெரிக்கிறது என்பதுதான் முக்கியம்.

கண்டக்டர் ஐயா மூன்று மாதமாக டாம்சுலோசின் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தி வழி விடும் மாத்திரை அது. "பகல்ல நல்லா வேகமா போகுது. ராத்திரி மட்டும் அப்படியேதான் இருக்கு" என்றார். சிறுநீர் கழித்த பிறகு பைக்குள் எவ்வளவு தேங்குகிறது என்று ஸ்கேனில் பார்த்தோம். 35 மி.லி.தான். பை ஏறக்குறைய முழுதாகவே காலியாகிறது. ஆபரேஷன் பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்தேன்.

"ஐயா, நீங்க டிக்கெட் கணக்கு எழுதினவரு. மூணு நாள் எனக்கு இன்னொரு கணக்கு எழுதிக் கொடுங்க."

எழுத வேண்டியது மிகச் சாதாரணமான கணக்கு. அளவுக் கோடு போட்ட அரை லிட்டர் பிளாஸ்டிக் கப் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் அதில் பிடித்து, நேரத்தையும் அளவையும் குறித்துவிட்டுக் கொட்டிவிடலாம். என்ன குடித்தார், எப்போது படுத்தார், எப்போது எழுந்தார் என்பதும் அதே தாளில். ஒரு விதியை மட்டும் மறக்கக் கூடாது. படுக்கப் போகும் முன் கழிப்பது பகல் கணக்கு. விடிந்து எழுந்ததும் முதலில் கழிப்பது இரவுக் கணக்கு, ஏனென்றால் அந்த நீர் தூங்கும்போது சுரந்தது.

நான்காம் நாள் கோடு போட்ட தாளோடு வந்தார். இரண்டாம் நாள் கணக்கை அப்படியே தருகிறேன். இரவு 10 மணிக்குப் படுத்திருக்கிறார். 11.45-க்கு 280 மி.லி., 1.20-க்கு 300, 3 மணிக்கு 260, 4.30-க்கு 240, காலை 6 மணிக்கு எழுந்ததும் 220. கூட்டினால் 1,300 மி.லி. பகல் முழுக்க ஆறு தடவை போயிருக்கிறார், எல்லாம் சேர்ந்து 900 மி.லி.தான். ஆக, ஒரு நாளில் சுரந்த 2,200 மி.லி.யில் ஏறக்குறைய அறுபது சதவீதம் தூங்கும் எட்டு மணி நேரத்தில் இறங்கியிருக்கிறது. இந்த வயதில் இரவுப் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டினாலே அதை இரவு மிகைச் சிறுநீர் என்கிறோம்.

அந்தத் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்துக் கேட்டேன். "உங்க பை அதிகபட்சம் எவ்வளவு பிடிக்குது?"

விரலை ஓட்டிப் பார்த்து, "300" என்றார்.

"ராத்திரி 1,300 மி.லி. வருது. 300 பிடிக்கிற பையில எத்தனை நடை?"

சற்று நேரம் பேசாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு நடை எழுந்தே ஆகணும்" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். சுரப்பியைச் சுரண்டி எடுத்தாலும் சிறுநீரகம் இரவில் அனுப்பும் அந்த 1,300 மி.லி. குறையப் போவதில்லை. புரோஸ்டேட் ஆபரேஷனுக்குப் பிறகு நீர் வேகமாகப் போகும், முக்க வேண்டியிருக்காது. ஆனால் மற்ற தொல்லைகள் தீர்ந்த பிறகும் பலருக்கு விடாமல் மிஞ்சி நிற்பது இரவில் எழுவதுதான். தாளை முன்பே எழுதிப் பார்த்திருந்தால் ஏன் என்று புரிந்திருக்கும்.

அப்படியானால் இரவில் மட்டும் ஏன் இவ்வளவு நீர்? உடம்பில் இரவு நேரத்தில் அதிகமாகச் சுரந்து சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் ஒன்று உண்டு. வயதாக ஆக அதன் இரவுச் சுரப்பு மங்குகிறது. இது எல்லோருக்கும் பொதுவானது. இவருக்கு மட்டும் உரிய காரணத்தை அவருடைய கால்கள் காட்டின. பேன்ட்டை ஏற்றிவிடச் சொன்னேன். சாக்ஸின் எலாஸ்டிக் பதிந்த இடம் இரண்டு கணுக்காலிலும் வளையம் போட்டதுபோல் குழிந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன், பள்ளம் உடனே நிரம்பவில்லை. அது நீர்.

பகல் முழுக்கக் கல்லாவில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 10 மி.கி. சாப்பிடுகிறார். சிலருக்கு, குறிப்பாக இந்த அளவில், கால் வீக்கம் தரும் மாத்திரை அது. மத்தியானம் ஊறுகாயும் அப்பளமும் இல்லாமல் சோறு இறங்காது. பகலில் காலில் இறங்கித் தேங்கும் நீர், இரவில் படுத்துக் கால் சமமானதும் ரத்தத்தில் திரும்பி ஏறுகிறது, சிறுநீரகம் அதை வடித்துப் பைக்கு அனுப்புகிறது. இதற்கு மேல் இன்னொன்றும் தாளில் இருந்தது. கிட்னிக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, படுக்கும் முன் தினமும் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து வந்திருக்கிறார்.

கால் வீக்கம் இதயம் தளர்வதாலும் வரலாம் என்பதால் முதலில் எக்கோ எடுத்தோம். இதயம் நன்றாக இருந்தது. குறட்டை உண்டா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று மனைவியிடம் கேட்டேன். தூக்கத்தில் மூச்சு அடைபட்டால் இதயத்திலிருந்து சுரக்கும் ஒரு ஹார்மோன் சிறுநீரை அதிகப்படுத்திவிடும். அவருக்கு அதுவும் இல்லை. சர்க்கரையும் இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குப் பகல், இரவு என்று பேதமில்லாமல் நாள் முழுக்கவே நீர் அதிகமாக இருக்கும், தாளிலேயே அது தெரிந்துவிடும்.

அவருடைய ரத்த அழுத்த மருத்துவரிடம் பேசி மாத்திரையை மாற்றினோம். இதை யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது. மாலை நாலு மணிக்குக் கல்லாவை மகனிடம் விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் தலையணை வைத்துக் காலை உயர்த்திப் படுத்திருக்கச் சொன்னேன். காலில் தேங்கிய நீர் அந்தி சாயும்போதே வெளியேறிவிடட்டும் என்பதற்காக. குடிக்கும் தண்ணீரின் பெரும்பகுதியைச் சாயங்காலம் ஆறு மணிக்குள் முடித்துவிட வேண்டும், இரவுச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் போதும். ஊறுகாய், அப்பளம் வாரத்துக்கு ஒரு நாள். விழுந்து எழுந்தவர் என்பதால் கட்டிலோரம் ஒரு சிறுநீர்க் குடுவையும், பாத்ரூம் வழியில் சிறு விளக்கும். டாம்சுலோசின் சாப்பிடுகிறவர்களுக்குப் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவது நல்லது.

ஆறு வாரம் கழித்து இன்னொரு தாள் கொண்டுவந்தார். இரவு 1.30-க்கு 280, 4.30-க்கு 250, காலை 170. மொத்தம் 700 மி.லி. நாளின் மொத்தம் 2,100. சரியாக மூன்றில் ஒரு பங்கு. நாலு நடை இரண்டாகியிருந்தது. இந்த வயதில் ஒரு தடவை எழுவது நோயே அல்ல. முழு இரவும் எழாமல் தூங்க வைக்கிறேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. இரவுச் சுரப்பைக் குறைக்கவென்றே டெஸ்மோபிரசின் என்ற மருந்து இருக்கிறது. ஆனால் 65 வயதைக் கடந்தவர்களுக்கு அது ரத்தத்தில் சோடியத்தை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம் என்பதால், ரத்தப் பரிசோதனை இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

அதே தாள் புரோஸ்டேட் அடைப்பையும் காட்டிக்கொடுக்கும். அடைப்பு உள்ளவரின் கணக்கு வேறு மாதிரி இருக்கும். ஒவ்வொரு தடவையும் 70, 80, 100 மி.லி. என்று சொற்பமாக, பகலிலும் இரவிலும் மணிக்கு ஒரு முறை. ஆரம்பிக்கவே நேரமாகும், முக்க வேண்டும், நூல்போல வரும், முடிந்த பிறகும் வேட்டியில் சொட்டும். வழி நெரிபடுவதால் பையின் தசை தடித்து முறுக்கேறி, கொஞ்சம் நிரம்பினாலே அவசரம் காட்டுகிறது. அல்லது முழுசாக வடியாமல் பாதி தேங்குகிறது. இவர்களுக்கு டாம்சுலோசின் சில நாட்களிலேயே பலன் தரும். சுரப்பி பெரிதாக இருந்தால் அதைச் சுருக்கும் ஃபினாஸ்டரைடு சேர்ப்போம், அதற்கு ஆறு மாதம் பொறுக்க வேண்டும். மாத்திரைக்கு அடங்காதபோதும், நீர் அடிக்கடி அடைத்துக்கொள்ளும்போதும், பையில் கல் சேரும்போதும், சிறுநீரகம் பாதிக்கப்படும்போதும் குழாய் வழியாகச் சுரப்பியைச் சுரண்டி எடுக்கும் ஆபரேஷன் தேவை. அப்போது தயங்கக் கூடாது.

கடைசியாக ஒன்று. வயதானவர் திடீரென்று தூக்கத்தில் பாயை நனைக்க ஆரம்பித்தால், வீட்டில் வயசாகிவிட்டது என்று ரப்பர் ஷீட் விரித்துவிடுகிறார்கள். அவரும் வெட்கத்தில் வாய் திறப்பதில்லை. வலியே இல்லாமல் பை நிரம்பி, தளும்பி வழிவதன் அடையாளமாக அது இருக்கலாம். தொப்புளுக்குக் கீழே கை வைத்தால் பந்துபோல் தட்டுப்படும். ஒரு லிட்டருக்கு மேல் தேங்கியிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்னுக்கு அழுத்தம் ஏறி இரண்டு சிறுநீரகமும் மெல்லக் கெடும். பாய் நனைந்த வாரமே ஸ்கேனும் கிரியாட்டினின் பரிசோதனையும் செய்துவிட வேண்டும். சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலும், நீர் அறவே நின்று போனாலும் மூன்று நாள் தாள் எழுதக் காத்திருக்க வேண்டாம், அன்றே கிளம்புங்கள்.

மற்றவர்கள், டாக்டரிடம் போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டோடு அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள்.

(அடுத்த வாரம்: ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. கூடினால் புற்றுநோயா?)